அப்பாவின் புருவ வெட்டு

கும்மிடிப்பூண்டியில் ஒரு ஸ்டூடியோவில் போட்டோக்களைத் திருத்துவதுதான் என் வேலை. ஊரார் முகங்களையெல்லாம் பளபளக்க வைத்த நான், என் அப்பா முகத்தில் மண்ணைக் கவ்வினேன்.

தங்கை கல்யாண மண்டப வாசலில் வைக்கும் பேனரில் அப்பாவும் நிற்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்களிடம் இருந்த ஒரே தெளிவான படம், இரும்பு மில் அடையாள அட்டைக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதில் நேராக முறைத்துக்கொண்டிருந்தார். பேனரிலோ தங்கை பக்கம் லேசாகத் திரும்பி நிற்க வேண்டும். அதனால் சித்தப்பாவைப் பட்டுவேட்டியில் நிற்கவைத்துப் படமெடுத்து, முகம் மாற்றும் மென்பொருளில் அவர் முகத்தின் மேல் அப்பா முகத்தைப் போட்டேன்.

அது முகத்தை நூற்று இருபத்தெட்டுக்கு நூற்று இருபத்தெட்டு புள்ளி கொண்ட சின்னச் சதுரமாகத்தான் செய்து தரும். ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினால் குழைந்துபோகும். வழக்கம்போல், முகத்தைக் கூர்மையாக்கும் ஏஐ மாடலை முழு அளவில் வைத்து ஓட்டினேன். இமை முடி, தோல் துளை எல்லாம் வந்துவிட்டன. எனக்கே பெருமை தாங்கவில்லை.

அம்மா பார்த்தாள். "நல்லாதான் கீறாரு. யாரு இவரு?"

வெட்கமாகிவிட்டது எனக்கு. அந்த மாடல் தொலைந்ததைத் தேடி எடுப்பதில்லை. எத்தனையோ முகங்களில் பழகிய பழக்கத்தில், இங்கே இப்படித்தான் இருக்கும் என்று தானே வரைந்துகொள்கிறது. அப்பாவின் கண்ணை அகட்டி, மூக்கைச் சீராக்கியிருந்தது. மில்லில் தீப்பொறி பட்டு இடது புருவத்தில் விழுந்த வெட்டு, முகம் மாற்றும்போதே காணாமல் போயிருக்கிறது. அந்த இடத்தில் இது அழகாக முடி வளர்த்துவிட்டது.

சித்தப்பாவுக்கு அதுதான் பிடித்தது. "இன்னாம்மா பேஜாரு பண்ற? பளிச்சுனு கீது. சம்பந்தி ஊட்லயும் நல்லாகீதுன்னாங்க. இதயே அடி."

"அவங்களுக்குப் புடிச்சா அவங்க ஊட்ல மாட்டிக்கட்டும் சித்தப்பா. எங்கப்பா இடத்துல வேற ஆள நிக்க வெக்க மாட்டேன்."

அவர் எதிரிலேயே அந்தப் படத்தை அழித்தேன். கூர்மையாக்குவதற்கு முந்தைய மங்கல் படத்தை எடுத்து, கூர்மையைக் கால் பங்கு மட்டும் கலந்தேன். அடையாள அட்டைப் படத்தைப் பெரிய அளவில் ஸ்கேன் செய்து, புருவ வெட்டை அதிலிருந்தே எடுத்துக் கையால் பொருத்தினேன். மங்கல் முழுசாகப் போகவில்லை. போகாவிட்டால் போகட்டும்.

கல்யாணத்தன்று காலையில் சம்பந்தி வீட்டார் யாரோ, "இன்னா, கலங்கலா கீது" என்றார்கள். அம்மா பேனர் முன்னால் நின்று, முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"ஷிப்ட் முடிஞ்சி வர்றதுக்கு இவ்ளோ நேரமா?" என்று அப்பாவிடம் சண்டை பிடித்தாள்.