பட்டியலில் நானும் இல்லை

பதற்றம் வந்தால் எனக்குக் குரல் கனத்துவிடும். ஆளைப் பார்த்தால் நிதானமாக இருப்பதுபோலத்தான் தெரியும். இந்த ஒரு சௌகரியத்தை வைத்துக்கொண்டு திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் இத்தனை வருஷம் நெட்வொர்க் வேலை பார்த்து, மரியாதையாகவும் வாழ்ந்துவிட்டேன்.

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டி ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. வாசலில் எடைமேடை, உள்ளே ஆபீஸ், பின்னால் டிரைவர்கள் சாப்பிட்டுப் படுக்க ஒரு கூடம். எடைமேடைக் கம்ப்யூட்டர் லாரியின் எடையை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அங்கிருந்து சீட்டு வரும். சீட்டு வந்தால்தான் கேட் திறக்கும்.

அன்று மத்தியானம் மண்டி முதலாளியிடமிருந்து போன்.

"ஏனுங்க தம்பி, எடைமேடை ஆபீஸோட பேச மாட்டேங்குதுங்க. முருங்கைக்காய் லோடு நிக்குது. வெயில் தாழறதுக்குள்ள கெளம்பலைன்னா விடியக்காலம் கேரளா சந்தையப் புடிக்க முடியாதுங்க."

"இந்தா வாரேன்ணே. செத்த நேரந்தான்," என்றேன். நான் சொல்லும் செத்த நேரத்தின் நீளம் முதலாளிக்குத் தெரியும். பெருமூச்சு மட்டும் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று லாரிகள் வரிசையில் நின்றன. முதல் லாரி டிரைவர், நடுவயசுக்காரர், கதவில் சாய்ந்துகொண்டு என்னையும் என் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "டாக்டர் வந்துட்டாரு. பொழைக்குமா சார்?"

"நாடி பாத்துட்டுச் சொல்றேன்," என்று உள்ளே போனேன்.

நோய் என்னவென்று பிடித்துவிட்டேன். அதில் நான் கெட்டிக்காரன். அந்த மண்டியில் கம்ப்யூட்டர்களுக்கு நெட்வொர்க் எண் கொடுப்பது ஆபீஸ் ரூட்டர். அன்று வேறு ஏதோ ஒரு பெட்டியும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. எடைமேடை அந்தக் கள்ளப் பெட்டியிடம் எண்ணை வாங்கிக்கொண்டு, வேற்றூர்க்காரனைப்போல் ஆபீஸைத் தேடி முழித்தது. மண்டியின் எல்லா ஒயரும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் ஒயரைச் சொருகிப் பார்த்தால் என் லேப்டாப்பும் அதனிடமே எண் வாங்கிக்கொண்டு வந்து நின்றது.

இனி அந்தப் பெட்டி எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க வேண்டும். நெட்வொர்க்கில் பேசும் எந்தச் சாதனத்துக்கும் பிறக்கும்போதே ஒரு முகவரி எழுதியிருக்கும், பன்னிரண்டு எழுத்து. கள்ளப் பெட்டியின் முகவரியை என் லேப்டாப்பிடம் கேட்டேன். சொன்னது:

3c-7a-f0-12-9b-e4

அடுத்தது ஸ்விட்ச். மதுரையில் ஒரு கல்லூரி கழித்துப்போட்டதை நான்தான் வாங்கி மாட்டினேன். மண்டிக்கு ரொம்பப் படித்த ஸ்விட்ச். எந்த முகவரி எந்தத் துளையில் இருக்கிறது என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும். அதன் முதுகில் தனிக் கேபிளைச் சொருகி, பட்டியலை லேப்டாப்பில் இறக்கினேன். முகவரியை அப்படியே ஒட்டித் தேடச் சொன்னேன்.

இல்லை என்றது.

மறுபடி தேடினேன். இல்லை. எண் கொடுக்கிறது, பேசுகிறது, ஆனால் எந்த ஒயரிலும் இல்லை. குரல் கனத்தது.

"அண்ணே, கொஞ்சம் இப்படி வாங்க. கதவைச் சாத்துங்க. யாரோ வெளியில இருந்து உள்ள பூந்திருக்கான்."

முதலாளி கதவைச் சாத்தவில்லை. "யாருங்க?"

"ஹேக்கர்."

அவர் வெளியில் நின்ற லாரியைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, ஹேக்கருக்கு நம்ம முருங்கைக்காய் எதுக்குங்க?"

நியாயமான கேள்வி. பாய்ந்து போய் வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினேன். உடனே ஆபீஸில் இருந்த நாலு பேரும் தலையைத் தூக்கினார்கள். அதுவரை எடைமேடை மட்டும் ஊமை. இப்போது மண்டி முழுக்க ஊமை. கள்ளப் பெட்டியோ துளிக்கூட அசையாமல் என் லேப்டாப்புக்கு எண் கொடுத்தபடியே இருந்தது. வெளியில் இருக்கிறவன் ஒயரைப் பிடுங்கிய பிறகும் எப்படி உள்ளே பேசுகிறான் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். பயந்தவனுக்கு அந்த மாதிரிக் கேள்வியெல்லாம் வராது.

டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "சார், காய் வாடுது. நீங்களும் வாடுறீங்க."

அந்தக் கேலிதான் என்னை உட்கார வைத்தது. தேடுகிற விதமே கோளாறோ என்று ஒரு சந்தேகம். நிச்சயம் பட்டியலில் இருந்தாக வேண்டிய ஒரு முகவரியைத் தேடிப் பார்ப்போம் என்று என் லேப்டாப்பின் முகவரியையே எடுத்தேன். 98-e7-43-5d-0a-c6. அந்த ஸ்விட்சில் சொருகிய ஒயரைக் கையில் பிடித்தபடியே தேடினேன்.

இல்லை என்றது.

அதாவது நானும் அங்கே இல்லை. பட்டியலின்படி நானும் ஒரு ஹேக்கர்தான்.

பிறகுதான் பட்டியலைக் கண்ணால் படித்தேன். நடுவில் ஒரு வரி: 98e7.435d.0ac6. என் லேப்டாப் இரண்டிரண்டு எழுத்தாக வெட்டி நடுவில் கோடு போடுகிறது. ஸ்விட்ச் நாலு நாலாக வெட்டிப் புள்ளி வைக்கிறது. பன்னிரண்டு எழுத்தும் அதே எழுத்து, அதே வரிசை. தேடுகிற கம்ப்யூட்டருக்கு அது என்ன தெரியும்? கோட்டோடு கேட்டேன், கோட்டோடு இல்லை என்று சொல்லிவிட்டது. இதை நூறு தடவை பார்த்தவன் நான். பெரியகுளத்துக்காரர் ஒருவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்துக் காப்பியும் வாங்கிக் குடித்திருக்கிறேன்.

கோடுகளை எடுத்துவிட்டு நாலு நாலாகச் சேர்த்து, 3c7a.f012.9be4 என்று தேடினேன். பதினாலாவது துளை.

இன்டர்நெட் ஒயரைத் திரும்பச் சொருகிவிட்டு, பதினாலாம் ஒயரைத் தடவிக்கொண்டே நடந்தேன். முதலாளி பின்னால் வந்தார். அவருக்குப் பின்னால் டிரைவர். ஒயர் சுவரேறி, தகரத்தின் அடியில் ஓடி, டிரைவர்கள் கூடத்தில் இறங்கியது. அடுப்பருகே அலமாரியில், எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு சின்ன வைஃபை பெட்டி. கவிழ்த்தேன். அடியில் ஸ்டிக்கர். 3C:7A:F0:12:9B:E4. இங்கே பெரிய எழுத்து, ரெட்டைப்புள்ளி. ஒரே ஆசாமி, மூன்று உடுப்பு.

அங்கே சமைக்கிற அக்கா வடை வாணலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதத் தொடாதீங்க தம்பி. டிரைவருங்க வீட்டுப் புள்ளைகளோட மூஞ்சியப் பாத்துப் பேசட்டும்னு காலையிலதான் மாட்டுனேன். எங்க தம்பி குடுத்தது."

"பெட்டியில எந்த ஓட்டையில சொருகுனீங்கக்கா?"

"காலியா இருந்த ஓட்டையில. எல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கு."

ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனால் அவர் சொருகியது கம்ப்யூட்டர்களுக்கான துளை. பெட்டி தன் வீட்டுக்குள் எண் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு மண்டிக்கே கொடுத்திருக்கிறது. ஒயரைப் பிடுங்கி, ஓரத்தில் தனி நிறத்தில் இருந்த இன்டர்நெட் துளைக்கு மாற்றினேன். இனி அது கூடத்து வைஃபைக்கு மட்டும் எண் கொடுக்கும். அக்காவின் வைஃபையும் போகவில்லை.

எடைமேடைக்குப் போய், கம்ப்யூட்டரை எண்ணைக் கீழே போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொன்னேன். இந்த முறை ஆபீஸ் ரூட்டரே கொடுத்தது. முதல் லாரி மேடையேறியது. ஆபீஸில் பிரிண்டர் கரகரத்தது. கேட் திறந்தபோது வெயில் இன்னும் தாழவில்லை.

டிரைவர் சீட்டை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை உருட்டியபடியே கேட்டார். "ஹேக்கரு யாரு சார்?"

"வடை சுட்டுக்கிட்டு இருந்தாரு."

"நல்லா இருந்துச்சா?"

"நீங்க பேசாம ஓட்டுங்க," என்றேன். உண்மையில் இரண்டு தின்றிருந்தேன்.

இப்போதும் மண்டியில் ஏதாவது மக்கர் பண்ணினால் முதலாளி போனில், "தம்பி, ஹேக்கர் வந்திருக்காருங்க. தட்டு எடுத்து வெச்சிருக்கோம்," என்கிறார். நானும் கனத்த குரலில், "இந்தா வாரேன்ணே," என்கிறேன். போய் இறங்கியதும் முதலில் என்னைத்தான் தேடுகிறேன், புள்ளி வைத்து. நான் கிடைத்த பிறகுதான் மற்றவர்கள்.