கீழே இருந்த ஒன்பது இலக்கங்கள்

என் நாட்குறிப்பில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நான்கு வரிகள் இருக்கின்றன. காலையில் தூறல். புளியங்குடி பஸ் தாமதம். பிற்பகல் தங்கை வீட்டில் தம்பியின் பணத்துக்கு ஏற்பாடு. மாலை கோயில். எழுதியதில் எதுவும் பொய்யில்லை. நடந்தவற்றில் முக்கியமான ஒன்று மட்டும் அதில் இல்லை.

தங்கை சங்கரன்கோவிலிலேயே ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூலைக் கட்டையில் ஏற்றித் தார் சுற்றுகிறாள். கணவர் இறந்து ஆறு வருடம். ஒரே மகளுக்குத் திருநெல்வேலியில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் முதல் வருடப் பணத்தைக் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். பணம் தருவதாகச் சொன்னவன் ஷார்ஜாவில் இருக்கும் எங்கள் கடைசித் தம்பி. அவன் சேமிப்பெல்லாம் கிரிப்டோ காசுகளில் இருந்தது. அதை அப்படியே அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும், இங்கே விற்று வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றான். தங்கை பெயரிலேயே, அந்தக் காசுகளை வாங்கி விற்கும் ஒரு எக்ஸ்சேஞ்சில் கணக்கு தொடங்கச் சொன்னான்.

நான்தான் தொடங்கினேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் நகல் எழுதியவன். ஆதார், பான், முகப்படம் எல்லாம் அவள் போனிலேயே முடித்தேன். காசு வாங்கும் பக்கத்தைத் திறந்தபோது கட்டம் கட்டமாக ஒரு க்யூஆர் படமும், அதன் கீழே நீளமான முகவரி ஒன்றும் வந்தன. அதற்கும் கீழே தனியாக ஒன்பது இலக்க எண். பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஏதோ எச்சரிக்கை.

அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் தெருவில் ஓர் ஆசிரியர் போனில் வந்த எண்ணைச் சொல்லி, வங்கியில் இருந்ததை எல்லாம் இழந்திருந்தார். எண் எதையும் யாருக்கும் சொல்லாதீர்கள் என்று எந்த வங்கிக்குப் போன் செய்தாலும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். தனியாக ஓர் எண், பக்கத்தில் சிவப்பு எழுத்து. இதுவும் அந்த வகைதான் என்று முடிவு செய்தேன். எச்சரிக்கையைப் படிக்கவில்லை. எதைக் கொடுத்தாலும் படிக்கிறவன் என்று தெருவில் எனக்குப் பெயர்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, எண்ணை வெட்டிவிட்டு, முகவரியை மட்டும் தங்கையின் வாட்ஸப்பிலிருந்து தம்பிக்கு அனுப்பினேன். மகள் அப்போது வீட்டில் இல்லை. கிளம்பும்போது தங்கையிடம் சொன்னேன்: “யாரு நம்பர் கேட்டாலும் இல்லன்னு சொல்லிரு. தம்பி பேருல வேற எவனாவது கூப்பிடுவான்.”

நான் கோயில் வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் தம்பி அவளைக் கூப்பிட்டிருக்கிறான். காசு அனுப்பும் ஆப் டேக் எண் என்று ஒன்று கேட்கிறது, இல்லையென்றால் இல்லை என்று டிக் போடச் சொல்கிறது, கீழே எண் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். அவள் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். இரண்டாம் முறை கேட்டபோதும் அதையே சொல்லியிருக்கிறாள்.

அவன் பக்கம் உடனே ‘வெற்றி’ என்று வந்துவிட்டது. இவள் கணக்கில் பூஜ்யம். அன்று மாலை முழுக்க பூஜ்யம்.

புதன்கிழமை காலை எக்ஸ்சேஞ்சின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். பதில் வந்தபோதுதான் புரிந்தது. அந்த வகைக் காசுக்கு எல்லா வாடிக்கையாளருக்கும் முகவரி ஒன்றுதான். வந்த காசு யாருடையது என்று பிரித்துச் சொல்வது அந்த எண் மட்டுமே. காசு அவர்களிடம் வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் யாருக்கென்று தெரியாமல் நிற்கிறது. அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண், அனுப்பியவர் தன் கணக்கைத் திறந்து அதைக் காட்டும் வீடியோ, தங்கை தான் கையெழுத்திட்ட தாளைப் பிடித்தபடி ஒரு படம், எல்லாம் வேண்டும். ஆட்கள் பார்த்துச் சரிசெய்ய முப்பது வேலை நாள் வரை ஆகலாம். அதற்குத் தனிக் கட்டணம். யாரும் மற்றவர் காசுக்கு உரிமை கொண்டாடிவிடக் கூடாதே, அதனால் அவர்கள் அவசரப்படுவதில்லை. நியாயம்தான். நானும் வாழ்நாளெல்லாம் அப்படித்தான் வேலை பார்த்தேன்.

தம்பியைக் கூப்பிட்டோம். போனை ஸ்பீக்கரில் போட்டு முற்றத்தில் வைத்திருந்தோம். தங்கை, அவள் மகள், நான்.

“ரெண்டு தடவ கேட்டேன்லா, கீழ நம்பர் உண்டுமான்னு,” என்றான். “ஒண்ணுமே இல்லன்ன. அங்கன எழுதியிருக்கத கூடவா பாக்கத் தெரியல? பேசாம தாரச் சுத்திக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான. அண்ணாச்சிகிட்ட குடுத்திருந்தா இந்தக் கத வந்திருக்குமா?”

தங்கை என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. முதலில் அவன் கோபம் ஆறட்டும் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. அவன் வீடியோ அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

மகள் எழுந்து நின்றாள். “எங்கம்மா கையில போனக் குடுத்தது என் தப்பு,” என்றாள் என்னிடம். அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

வியாழக்கிழமை நானும் தங்கையும் கல்லூரிக்குப் போய் வந்தோம். பரிவர்த்தனை நடந்ததற்கான பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோனேன். அலுவலகப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பணம் எங்கே சார் என்றார். அந்தக் கம்பெனியில் இருக்கிறது என்றேன். அப்போ பிள்ளைய அந்தக் கம்பெனியிலயே சேத்துவிடுங்க என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். கந்துவட்டிக்குக் கேட்ட இரண்டு இடத்திலும் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். பத்திரம் தங்கை கணவரின் அண்ணனிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி தாண்டியது.

திரும்பும் ரயிலில் ஒரு நிலையம் கடந்தபின் தங்கை பேசினாள். “நீ சொல்லித்தான் நம்பர் இல்லன்னேன்னு எங்க சொல்லிருவேனோன்னு பயந்துக்கிட்டு இருக்க. சொல்ல மாட்டேண்ணே. எம் பிள்ளைக்கு மதிக்க ஒரு ஆளாவது வேணும்.” பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதை எழுதும்போது மேலே வியாழன் என்று போட்டதற்கும் வெள்ளி மாலையில் ரயிலில் இருந்ததற்கும் ஒரு விளக்கம் தேவை: இரண்டு நாளும் போனோம். இரண்டாம் நாள் கெஞ்சுவதற்கு.

காசு ஆறாவது வாரம் சனிக்கிழமை காலை கணக்கில் ஏறியது. கட்டணம் போக எல்லாமே வந்தது. விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, விற்றபோது வரிப்பிடித்தம் போனது. மீதியை அவன் கேட்கும் முன்பே தங்கை தம்பியின் மனைவிக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். அந்த முறை கணக்கு எண்ணை மூன்று தடவை சரிபார்த்தேன்.

மகள் அப்போது பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்து பத்து நாளாகியிருந்தது. நாள் முழுக்க நிற்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் பேசுவதில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் தட்டை நகர்த்துவாள். போன் ஒலித்தால், “நீ எடுக்காத, கெடுத்துருவ,” என்பாள். ஒரு நாள் நான் இருக்கும்போதே அப்படிச் சொன்னாள். அவ்வளவு பேசக் கூடாதுட்டி என்று மட்டும் சொன்னேன். தங்கை சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான்.

மார்கழிக் கடைசியில் கடையில் ஊழியர்களுக்கு டைரி கொடுத்திருக்கிறார்கள். மகள் அதை நேரே என்னிடம் கொண்டுவந்தாள்.

“மாமா, ஒங்களுக்குத்தான். எங்களுக்காக அலஞ்சது நீங்க ஒரு ஆளுதான்,” என்றாள்.

தங்கை அடுப்படி வாசலில் கையைத் துடைத்தபடி நின்றிருந்தாள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்தாள்.

நான் வாங்கிக்கொண்டேன். நல்ல தாள். இதை அதில்தான் எழுதுகிறேன்.