மூஞ்சி தெரியும், வேலை தெரியாது

எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் ஆளெடுப்புப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு அங்கே இன்னும் செல்வாக்கு இருப்பதாக நான் குடியிருக்கும் விம்கோ நகர் முழுக்க நம்புகிறது. என் மனைவி மட்டும் நம்புவதில்லை.

ஒரு நாள் காலை வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. முன்பெல்லாம் ஷேர் ஆட்டோவில் என்னோடு வந்தவர். வேறொரு குடோனில் வேலை.

"சார், எங்க குடோன மூடிட்டாங்க. உங்க யார்டுல ஸ்டேக்கர் ஓட்ட ஆள் எடுக்கிறாங்களாம். 'நம்ம ஆளு'ன்னு ஒரு வார்த்தை சொல்லு சார். வூட்ல நான் இன்னும் வேலைக்குப் போறதாத்தான் நெனச்சிகினு கீறாங்க."

ஸ்டேக்கர் என்பது கண்டெய்னரைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ராட்சத வண்டி. ஓட்ட வருபவரை சூப்பர்வைசர் வண்டியில் ஏற்றிப் பார்த்த பிறகே ஒப்பந்தக்காரர் வேலைக்கு எடுக்க வேண்டும். விதி அப்படி. வழக்கம் வேறு: தெரிந்த அதிகாரி 'நம்ம ஆளு' என்றால் அந்த ட்ரையல் டீக்கடையிலேயே முடிந்துவிடும். தூக்கிய பெட்டிக்குக் கீழே லாரி கிளீனர்கள் நடமாடுவார்கள்.

அழித்து அழித்து எழுதி அனுப்பினேன்: "உங்களோடு முகப் பழக்கம் மட்டுமே. வேலையைப் பார்த்ததில்லை, அதனால் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன். உங்கள் விவரத்தை சூப்பர்வைசருக்கு அனுப்பி, ட்ரையல் எடுக்கச் சொல்ல முடியும். லைசென்ஸ், மருத்துவச் சான்று, போலீஸ் சரிபார்ப்பு தயாராக இருக்கட்டும். வேலை கிடைக்கும் என்று உறுதி தர முடியாது."

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பும் மனிதர் பகலெல்லாம் எங்கே உட்கார்ந்திருப்பார்? அந்த எண்ணம் வந்த பிறகு சோறு இறங்கவில்லை. நானே கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். சாயங்காலம் அவரே அழைத்தார்.

"இன்னா சார், மூஞ்சி மட்டும்தான் தெரியும்னு எழுதிகீற? எத்தினி வருசம் ஒரே ஆட்டோல ஒட்டிகினு வந்தோம்!"

"ஆட்டோவுல ஒழுங்கா உக்காருவீங்கன்னு வேணா எழுதித் தரேன்."

பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"காசிமேட்டாண்ட. கல்லு மேல."

அங்கே அலையைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டிய பாறைகள்; கால் தவறினால் தண்ணீர். பேச்சை அறுக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. "ஸ்டேக்கர் கடைசியா எப்ப ஓட்டினீங்க?"



"ஓட்னதில்ல சார். பக்கத்துல குந்திகினு பாத்திருக்கேன். ஃபோர்க்லிப்டுதான் நம்ம கையி. ஒரு வாரம் ஓட்டுனா வந்துடும்னு நெனச்சேன்."

ஃபோர்க்லிப்ட் குடோனுக்குள் சரக்கு தூக்கும் சின்ன வண்டி. அந்த ஒரு வாரம் பெட்டிக்குக் கீழே யார் நிற்பார்கள்?

"ஃபோர்க்லிப்டுக்கும் ஆள் எடுக்கறாங்க. சம்பளம் கம்மி. அதுக்கு ட்ரையல் கேக்கறேன். கல்ல விட்டு எழுந்திரிங்க."

"வூட்ல இன்னா சார் சொல்றது?"

"அதுக்கு எங்கிட்ட விதி எதுவும் இல்ல. நடந்ததைச் சொல்லுங்க."

"நீ வேற பேஜார் பண்ணாத சார்," என்றார். பிறகு, "சரி, ஆட்டோ ஏறுறேன்," என்றார்.

அவர் ஆட்டோவில் ஏறும் சத்தம் கேட்கும்வரை போனை வைக்கவில்லை. பிறகுதான் அவர் பெயரையும் நம்பரையும் சேர்த்து சூப்பர்வைசருக்கு எழுதினேன்: "முகப் பழக்கம் மட்டும். ஃபோர்க்லிப்ட். ட்ரையல் எடுக்காமல் சேர்க்க வேண்டாம்."