நானூறு நம்பரும் அக்காவும்

தொண்ணூறுகளில் ஊரில் டெலிபோன் நம்பர்களுக்கு முன்னால் ஓர் எண்ணைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். ஒரே நாளில் என் டைரி முழுவதும் பழசாகிப்போனது.

துடியலூரில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருந்தேன். யாரைப் பார்த்தாலும் நம்பர் வாங்கிவிடுவேன். டைரியில் நானூறுக்கு மேல் இருந்தன. பம்பாய் ரயிலில் எதிர் சீட்டில் தூங்கியவர், மூடிப்போன லாரி புக்கிங் ஆபீஸ், காலமாகிவிட்ட பல் டாக்டர், எல்லாரும் அதில் பத்திரமாக இருந்தார்கள். இவ்வளவு பேரைத் தெரிந்தவன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அவர்களில் யாருக்கும் என்னைத் தெரியாது என்பதெல்லாம் சின்ன விஷயம்.

புது டைரி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒவ்வொன்றாக நகல் எடுக்க உட்கார்ந்தேன். 'அ'வை முடிப்பதற்குள்ளேயே கை வலித்தது. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி, ஒரு வருஷத்தில் பேசியவர்களை மட்டும் எழுதினால் போதாதா என்றாள். அதில் வாரம் ஒருமுறை பேச வேண்டியவர்கள் முதல் பக்கம், மாதம் ஒருமுறை பேசுகிறவர்கள் அடுத்த பக்கம், கடைக்கு வேண்டியவர்கள் கடைசியில் என்றும் சொன்னாள்.

அவளுடைய சுலபமான யோசனையைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் செய்தேன். பென்சிலால் அடிக்க அடிக்க நானூறு, அறுபது ஆனது. அறுபதில் ஐம்பத்திரண்டு கடைக்கு. முதல் பக்கத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் கேஸ் ஏஜென்சிக்காரர்.

"ஏனுங்க, அன்னூர் அண்ணி நம்பர எழுதுனீங்களா?" என்றாள்.

அவள் அண்ணி என்றது என் கூடப்பிறந்த ஒரே அக்காவை. 'அ' பக்கத்தைப் புரட்டினேன். அரிசிக் கடைக்காரர் இருந்தார், அச்சாபீஸ் இருந்தது. அக்கா இல்லை. அவர்கள் வீட்டுக்குப் போன் வந்து இரண்டு வருஷமாகிவிட்டதாம். அதை மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எழுந்து போய்ச் சமையலறை அலமாரிக் கதவைத் திறந்து காட்டினாள். உள்பக்கம் பென்சிலில் பதினோரு பேருடைய நம்பர், புது எண்ணும் சேர்த்து. முதல் நம்பர் அக்காவுடையது. வாராவாரம் பேசுகிறாளாம்.

உடனே சுழற்றினேன்.

"யாருங்க பேசறது?" என்றது அக்கா குரல்.

"நாந்தானுங்கக்கா."

"ஏங்கண்ணு, ஊட்டுல அம்மணிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். யாருக்காவது ஏதாவது ஆனால்தான் நான் கூப்பிடுவேன் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். சும்மாதான் என்றேன். அவள் நம்பவில்லை, மனைவியைக் கொடுக்கச் சொல்லி விசாரித்த பிறகுதான் சமாதானமானாள்.

முதல் பக்கத்தில் கேஸ்காரருக்கு மேலே அக்காவை எழுதினேன். ஞாயிறுதோறும் கூப்பிட்டேன். நாலாவது வாரம்தான் எடுத்த எடுப்பில் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்காமல், தோட்டத்தில் தக்காளி காய்த்திருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.