கையெழுத்துக் கட்டம்

ஒரு அம்மா, மகளுடைய புரோகிரஸ் கார்டைப் போட்டோ எடுத்து, ஒரு வார்த்தைகூட எழுதாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்?

நான் மார்க்கைப் பற்றிக் கேட்டேன். பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு ஹாலில் எட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பி.எஸ்சி. முடித்த திமிர் வேறு. எட்டாவது படிக்கும் அந்தப் பெண் என்னிடம்தான் கணக்கு படிக்கிறாள். மதியம் போட்டோ வந்ததும் கணக்கு வரியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் தேர்வில் சி கிரேடு. இரண்டாவதிலும் சி. விரல் பறந்தது.

"ஏன்கா கணக்குல மறுபடியும் சி? வீட்ல உக்காந்து படிக்கிறாளா இல்ல எந்நேரமும் போன்தானா?"

நீல டிக் விழுந்தது.

"சரி, சனிக்கிழமை எக்ஸ்ட்ரா கிளாஸ் வைக்கிறேன். எத்தன மணிக்கு அனுப்புறீங்க?"

மறுபடியும் நீல டிக்.

அப்புறம்தான் போட்டோவை முழுசாகப் பார்த்தேன். கார்டின் அடிப்பகுதி நடுவில் வரும்படி எடுத்திருந்தார். அங்கே பெற்றோர் கையெழுத்துக் கட்டங்கள். இரண்டாம் தேர்வின் கட்டம் காலி. முதல் தேர்வின் கட்டத்தில் அந்த அம்மாவின் பெயர் ஆங்கிலத்தில், வாலைச் சுழித்து. அவர் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். அந்தச் சுழி என்னுடையது.



முதல் தேர்வு முடிந்த வாரம், மற்ற பிள்ளைகள் போனபிறகு அந்தப் பெண் கார்டை நீட்டினாள்.

"நீங்களே போட்டுடுங்க மிஸ். சி பாத்தா அம்மா ஸ்கூல நிறுத்தி ஆனேக்கல் மாமா வீட்டுக்கு அனுப்பிடும். அங்க கொழந்தைய பாத்துக்க ஆள் வேணுமாம்."

"உங்கம்மாவா? சும்மா டயலாக் வுடுவாங்க."

"இல்ல மிஸ். பைய எடுத்து வெளிய வெச்சிருச்சு."

"குடு இங்க. அடுத்த தடவ பி பிளஸ் வாங்கல, நானே பஸ் ஏத்திவுடுவேன்."

சிரித்துக்கொண்டே போட்டேன். பெரிய தியாகி மாதிரி இருந்தது.

உடனே அந்த அம்மாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார். பின்னால் ஆபீஸ் லிஃப்ட் மணி கேட்டது; ஹவுஸ்கீப்பிங் வேலை அவருக்கு.

"சொல்லு மிஸ்ஸு."

"அக்கா, அந்தக் கையெழுத்து..."

"யாருதுன்னு எவ்ளோ கேட்டும் அவ சொல்லல. நீ போட்டதான்னு கேக்கத்தான் போட்டோ போட்டேன். எனுக்கு டைப் பண்ண வராது, வாய்வுட்டுக் கேக்க மனசு வரல. நீ என்னாடான்னா படிக்கிறாளான்னு என்னியே கேக்குற."

"நான்தான்கா போட்டேன். அவ மேல தப்பில்ல. என்ன எவ்ளோ வேணா திட்டுங்க. அவ எங்கக்கா?"

லிஃப்ட் மணி மறுபடியும் அடித்தது.

"காலைல அவ மாமன் வந்து கூட்டினு போய்ட்டான்."

"அக்கா, வேணாங்க்கா, நான் ஆனேக்கல் போய்..."

கட்.

இப்போது மணி ஐந்தரை. ஹாலில் ஏழு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.