போனில் தலைப்பைப் படிப்பதில்லை

திருமழிசையில் ஒருத்தர் செத்துப்போனாராம். அறுத்து ரிப்போர்ட் கொண்டுவந்தால்தான் பணம் என்று இன்சூரன்ஸ் கம்பெனியே வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னதாம். பொணம் இன்னும் ஐஸ் பெட்டியில் கிடக்கிறதாம். பஸ்ஸில் கேட்ட இந்தச் சேதியை அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் இன்சூரன்ஸ் கால் சென்டரின் மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் டீம் லீடர் ஜெகதீசன்.

"எந்த லூசு கம்பெனி மேடம் அது?" என்று சிரித்தார்.

நாகவல்லியும் சிரித்தாள். அந்த மாடியில் அவளுக்கு எழுத்து வேலை. கம்பெனி அச்சடித்துத் தரும் பாலிசிப் பிரசுரத்தை, போனில் பேசும் பெண்கள் அப்படியே வாசிக்கிற மாதிரி பேச்சுத் தமிழாக்க வேண்டும். 'காப்பீட்டுதாரரின் மறைவு நேரிடின்' என்பதை 'உங்க வீட்டுக்காரர் தவறிட்டதா சொன்னீங்க' என்று மாற்றுகிறவள் அவள்தான். எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்பதுகூட அவள் தாளில் இருக்கும். காட்டுப்பாக்கத்தில் அவள் குடியிருக்கும் தெருவில் அவளை இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று நினைத்து, எதிரே வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

வதந்திதானே, பார்த்துவிடுவோம் என்று மரணத் தகவல்களில் திருமழிசையைத் தேடினாள். ஒன்று இருந்தது. துலுக்கானம், பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் மாரடைப்பு. நாமினி, மனைவி பத்மா. பதிவான பேச்சைப் போட்டுக் கேட்டாள். பெண் குரல் பதமாக, மூச்சு விட வேண்டிய இடத்தில் விட்டு, வாசித்துக்கொண்டு போனது.

"டெத் சர்டிபிகேட், ஒரிஜினல் பாண்டு, உங்க பாஸ்புக் காப்பி, அப்புறம் போலீஸ் எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். புரிஞ்சுதாம்மா?"

மறுமுனையில் பத்மா, "சரிம்மா."

நாகவல்லி பிரசுரத்தை எடுத்துப் பார்த்தாள். கடைசி இரண்டும் தனிக் கட்டத்தில் இருந்தன. மேலே நீல எழுத்தில் தலைப்பு: விபத்து மரணத்துக்கு மட்டும். போனுக்குக் கட்டமும் கிடையாது, நீலமும் கிடையாது. வழக்கம்போல எல்லாத் தலைப்பையும் எடுத்திருந்தாள். அந்தக் கட்டத்தின் பட்டியல் மட்டும் பொதுப் பட்டியலோடு ஒட்டிக்கொண்டது.

"தலைப்பை எவன் மேடம் போன்ல படிப்பான்?" என்றார் ஜெகதீசன், ஆறுதலாகத்தான்.

மரத்துப்போன காலைத் தொட்டால் யாருடையதோ போல இருக்குமே, அப்படி இருந்தது அவளுக்கு. ஸ்கிரிப்டை நிறுத்தச் சொன்னாள். அதைக் கேட்ட வீடுகளுக்கெல்லாம் திரும்பப் பேசச் சொன்னாள். பத்மாவின் போன் அணைந்திருந்தது. திருமழிசைக்குப் பஸ் ஏறினாள். பூந்தமல்லி தாண்டுவதற்குள் பத்மாவிடம் சொல்ல வேண்டியதைப் பிரசுரத்தின் பின்பக்கத்தில் புதிதாக எழுதி முடித்துவிட்டாள்.

பந்தலில் உட்கார்ந்திருந்தவர் பத்மாவின் அண்ணன் அப்பாவு.

"இன்சூரன்ஸா? வா வா. ஒங்களாலதான் ஸ்டேஷனுக்கும் ஊட்டுக்கும் அலைஞ்சிகினு கீறேன். மாரடைப்புக்கு இன்னாத்துக்குய்யா எஃப்.ஐ.ஆருன்னு ரைட்டர் தொரத்தி உட்டாரு. கவுன்சிலராண்ட சொல்லிகீறேன். சாயங்காலம் ஜி.எச்.சுக்கு ஏத்திடலாம்."

உள்ளே பத்மா, பெட்டிக் கண்ணாடியில் படியும் பனியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்கப் படிந்தது.

நாகவல்லி தரையில் உட்கார்ந்து, தாளைப் பிரிக்காமலே சொன்னாள். "அக்கா, அவரு நெஞ்சுவலில ஆஸ்பத்திரில தவறினாரு. விபத்து இல்ல. போலீஸ் பேப்பர் வேணாம். போஸ்ட்மார்ட்டம் வேணாம். எதனால போனாருன்னு ஆஸ்பத்திரில குடுத்த பேப்பரை பத்திரமா வைங்க. உயிர் போனது பூந்தமல்லில. அதனால அந்த நகராட்சிலதான் டெத் சர்டிபிகேட். அதோட பாண்டு, க்ளெய்ம் ஃபாரம், உங்க ஆதார், பாஸ்புக் காப்பி. எல்லாம் காரியம் முடிஞ்சப்புறம் போதும்."

"அறுக்க வேணாமா?"

"வேணாம்க்கா."

பத்மா துடைப்பதை நிறுத்தினாள். "அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசிச்சு. நிறுத்தி நிறுத்தி சொல்லிச்சு. அதான் நம்பிட்டேன்."

"எவ எழுதிக் குடுத்தாளோ," என்றார் வாசலில் நின்ற அப்பாவு. "பொணத்துக்கு ஒடம்பு கீதுன்றதே தெரியாதவ."

நாகவல்லி தாளை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

பொழுது சாய்வதற்குள் மேளம் வந்தது, துலுக்கானத்தை முழுசாகவே எடுத்துப் போனார்கள். ஊர்வலம் கிளம்புமுன் அப்பாவு அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அவள் பையைத் துழாவுவதற்குள் இருபது ரூபாயை டிரைவர் கையில் திணித்தார்.

"நான் தரேண்ணே."

"அப்பால குடும்மா. எங்களுக்காவ இவ்ளோ தூரம் வந்துகீற."

பேப்பர்கள் வந்தன, பணமும் பத்மாவின் கணக்குக்குப் போனது. ஸ்கிரிப்டில் இப்போது ஒவ்வொரு தலைப்பும் கேள்வியாக இருக்கிறது: 'விபத்துல தவறினாராம்மா?' இல்லை என்றால் அந்தப் பக்கத்தையே தாண்டிவிட வேண்டும். ஜெகதீசனுக்கு இதற்காகப் பாராட்டுச் சான்றிதழ்கூடக் கிடைத்தது.

அந்த இருபது ரூபாய்க் கடன் மட்டும் நாகவல்லியிடம் நிற்கிறது. திருமழிசை பஸ் அவள் நிறுத்தத்தில் நின்றுதான் போகிறது. கொடுக்கப் போனால் அப்பாவு உட்காரச் சொல்வார், டீ வாங்கி வரச் சொல்வார். டீ வருவதற்குள், அதை எழுதிக் குடுத்தவ யாருன்னு கண்டுபிடிச்சியா என்று கேட்பார்.