உடைத்து வரைந்த ஷாஃப்ட்

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இருப்பது ஒரே பிரிண்டர். அதில் ஏ-ஃபோர் தாள் மட்டும்தான் வரும். பெரிய தாள் வேண்டுமென்றால் செங்கல்பட்டு பஜாருக்குப் போகவேண்டும். முதலாளி அதற்கு விடமாட்டார். ஊசி வந்தாலும் தூண் வந்தாலும் நான் ஏ-ஃபோரில்தான் வரைகிறேன். அலுத்துவிட்டது.

அன்றைக்கு வந்தது மாமல்லபுரம் பக்கத்து இறால் குஞ்சுப் பண்ணையின் வேலை. கடல் தண்ணீர் இழுக்கும் பம்பின் சுழல் தண்டு, அதாவது ஷாஃப்ட், ஒடிந்துவிட்டது. மாற்றுப் பம்பு ஒன்று ஓடுகிறது, அதுவும் சூடாகிக்கொண்டிருக்கிறது. அது நின்றால் தொட்டியில் இருக்கும் குஞ்சு முழுக்கச் செத்துப்போகும். பண்ணை மேனேஜர் பழைய டிராயிங்கையும், ஒடிந்த ஷாஃப்டின் போட்டோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இன்னைக்கே ஆரம்பிங்க மேடம்" என்றார்.

ஷாஃப்ட் மூன்று மீட்டர் பக்கம். அதை முழுசாகச் சின்னத் தாளில் சுருக்கினால் குச்சி மாதிரி ஆகிவிடும். சர்க்ளிப் என்ற பிடிவளையம் உட்காரும் பள்ளமான காடி இரண்டு மில்லி அகலம்கூட இல்லை, அது கண்ணுக்கே தெரியாது. அதனால் படத்தில் மட்டும், நடுவில் ஒரே தடிமனாகப் போகிற பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் பக்கத்தில் கொண்டுவந்து பெரிதாக வரைவோம். வெட்டிய இடத்தில் வளைந்த கோடு போடுவோம். மொத்த நீளத்தின் அளவு மட்டும் நிஜ அளவாகவே இருக்கும்.

பழைய டிராயிங்கிலும் ஒரு வெட்டு இருந்தது. ஆனால் போட்டோவில் ஷாஃப்டின் நடுவே ஒரு பட்டை பளபளத்தது. டிராயிங்கில் அந்தப் பட்டை இல்லை. எவனோ புண்ணியவான் அதையும் சேர்த்து வெட்டி எறிந்திருக்கிறான்.

முதலாளியிடம் சொன்னேன்.

"கஸ்டமர் குடுத்த டிராயிங்மா. அதும்படி கடைஞ்சு குடு. தப்புன்னா அவன் தலையெழுத்து."

"கடைஞ்சு தடிமனைக் கொறச்சுட்டா திரும்ப ஏத்த முடியாது சார். அந்தப் பட்டையத் தாங்குற புஷ் லூஸாகும், இன்னொரு தபா ஒடியும்."

"அப்ப நீயே போய்ப் பாத்துகினு வா."

பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றத்தில் இறங்கி இன்னொரு பஸ். வெயில், கூட்டம், நிற்க இடமில்லை. பண்ணையில் மேனேஜர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஷாஃப்ட் எங்க மேடம்? நீங்க மட்டும் வந்திருக்கீங்க?"

"அளவு எடுக்க வந்தேன்."

"அளவுதான் டிராயிங்ல இருக்கே! என் தொட்டி போச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க?"

"அதுல பாதி ஷாஃப்ட் இல்ல சார். கத்தாம கொஞ்சம் துணி குடுங்க, துரு தொடைக்கணும்."

துடைத்து, காலிப்பரை வைத்தேன். ரப்பர் புஷ் ஓடும் இடத்தில் ஷாஃப்ட் இரண்டு மில்லி தடிமன் அதிகம். ஒடிந்தது காடியில். காடியின் அடி மூலை கத்தியால் கீறியது போலக் கூர்மையாக இருந்தது, விரிசல் அங்கிருந்துதான் ஓடியிருந்தது. மேனேஜரும் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். கத்துவது நின்றது. "சீக்கிரம் மேடம்" என்றார், அவ்வளவுதான்.

திரும்பி வந்து வரைந்தேன். பட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. பட்டை நடுவில் தனியாக நின்றது. அது எங்கே ஆரம்பிக்கிறது என்று முனையிலிருந்து அளவு போட்டேன். காடியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு 'A' என்று எழுதி, ஓரத்தில் அதையே ஐந்து மடங்கு பெரிதாக வரைந்தேன். மூலையில் எவ்வளவு சின்ன வளைவு வேண்டும் என்றும் எழுதினேன். அளவுகளை ஐந்தால் பெருக்கவில்லை. படம்தான் பெரிது, காடி அதேதான்.

லேத்காரர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒரு ஷாஃப்ட்ட மூணு துண்டா வெட்டிகினு கீற? நான் ஒட்டணுமா?"

"அண்ணாத்த, படத்த ஸ்கேல் வெச்சு அளக்காத. நம்பரப் படி."

"படிக்கிறேன், படிக்கிறேன். பேஜாரு பண்ணாத."

படித்தார். இரண்டு இடத்தில் சந்தேகம் கேட்டார், சொன்னேன். ஒழுங்காகக் கடைந்தார்.

மறுநாள் வண்டியில் ஷாஃப்டோடு நானும் போனேன். போய்ச் சேர்ந்தபோது மாற்றுப் பம்பு நின்றிருந்தது. ஓரத் தொட்டியில் குஞ்சுகள் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தன. மற்ற தொட்டிகளில் ஆட்கள் குடத்தால் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பண்ணை ஃபிட்டர் ஷாஃப்டைப் பம்புக்குள் இறக்கினார். புஷ் பட்டையில் சரியாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் குழாய் இருமி, நுரை கக்கி, பிறகு தண்ணீர் கொட்டியது.

மேனேஜர் ஓரத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஷாஃப்ட் நேத்தே வந்திருந்தா இதுவும் இருந்திருக்கும்" என்றார்.

"பழைய டிராயிங்படி நேத்து வந்திருந்தா, அடுத்த மாசம் மறுபடி ஒடிஞ்சு எல்லாமே போயிருக்கும்" என்றேன்.

அவர் இன்னும் குஞ்சு உயிரோடிருந்த தொட்டிகளுக்குக் குழாயைத் திருப்பிவிட்டார். தண்ணீர் ஏறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்தேன்.